விடும்போதுதான் வேகம்

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆட்டத்தில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு குறியில் விழாது. ஏகே-47 துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கும் வீரன் ஆட்டத்தின் அளவுகோலில் விநாடிக்கு 215 அலகு வேகத்தில் ஓடுகிறான். அந்த வேகம் 34 சதவீதத்துக்கு, அதாவது சுமார் 73 அலகுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் முதல் குண்டு நின்று சுட்டதைப் போல நேராகப் போகும். இடப்பக்கம் ஓட A கீயை அழுத்தியிருப்பவர் அதிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், தரையின் உராய்வு மட்டுமே வீரனை நிறுத்த வேண்டும். அதற்கு ஏறக்குறைய 200 மில்லி விநாடி பிடிக்கும். விரலை எடுத்த கையோடு எதிர்த்திசைக்கான D கீயை ஒரு கணம் தட்டினால் உராய்வோடு எதிர்விசையும் சேர்ந்துகொள்ள, அதில் பாதிக்கும் குறைவான நேரத்தில் வேகம் அடங்கிவிடுகிறது. இந்த எதிர்த்தட்டலுக்குக் கவுன்டர்-ஸ்ட்ரேஃப் என்று பெயர். சுவரோரம் எட்டிப் பார்த்து, நின்று, சுட்டு, மறுபடியும் மறைகிற ஒவ்வொரு முறையும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதைச் செய்கிறார்கள்.

இதில் கைக்கு இரண்டு சோதனைகள் உண்டு. A விடுபடுவதற்கு முன்பே D அழுந்திவிட்டால், இரண்டு கட்டளைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். வீரன் உராய்வை மட்டும் நம்பிச் சறுக்கிக்கொண்டிருப்பான். D கீயைத் தேவைக்கு மேல் பிடித்திருந்தாலும் ஆபத்துதான்: நின்றவன் எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கிவிடுவான், குறி மறுபடியும் சிதறும். ஆக, திசைமாற்றத்தின் தரத்தைத் தீர்மானிப்பது கீயை எவ்வளவு விரைவாக அழுத்துகிறோம் என்பது மட்டுமல்ல. விரல் மேலே கிளம்பியதும் கீபோர்டு அதை எவ்வளவு சீக்கிரம் உணர்கிறது என்பதே பெரும்பங்கு வகிக்கிறது. காந்த சுவிட்ச் கீபோர்டுகளின் ரேபிட் ட்ரிக்கர் வசதி கைவைப்பது இந்த இடத்தில்தான்.

வழக்கமான மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீயின் அடியிலும் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும். கீ ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கு இறங்கும்போது அவை தொட்டுக்கொள்ளும், மேலேறும்போது பிரியும். பரவலாகப் புழங்கும் செர்ரி எம்எக்ஸ் ரெட் சுவிட்சில் கீயின் முழு ஓட்டம் 4 மி.மீ. தகடுகள் தொடுவது 2 மி.மீ. ஆழத்தில். அழுத்தம் பதிவாகும் இந்த இடத்தை ஆக்சுவேஷன் பாயின்ட் என்கிறார்கள், தமிழில் பதிவுப் புள்ளி எனலாம். விடுபடும் புள்ளியும் ஏறக்குறைய அதே இடத்தில், சற்று மேலே அமைந்திருக்கும். விறுவிறுப்பான ஆட்டத்தில் யாரும் கீயைப் பாதியில் நிறுத்துவதில்லை, அடிவரை அழுத்திவிடுவார்கள். அப்படி 4 மி.மீ. ஆழத்தில் கிடக்கும் கீ, 2 மி.மீ. மேலேறி வரும்வரை கணினியின் கணக்கில் அழுத்தப்பட்டதாகவே இருக்கும். விரல் கிளம்பிவிட்டது, வீரனுக்குச் செய்தி போகவில்லை. போதாததற்கு, உலோகத் தகடுகள் தொடும்போதும் பிரியும்போதும் ஓரிரு முறை துள்ளும். அந்தத் துள்ளலைத் தனித்தனி அழுத்தங்களாக எண்ணிவிடாமலிருக்கப் பல கீபோர்டுகள் 5 மில்லி விநாடி அளவுக்குப் பொறுத்திருந்து பார்க்கின்றன.

காந்த சுவிட்சில் தொட்டுப் பிரியும் தகடே கிடையாது. கீயின் தண்டில் ஒரு சிறு காந்தம் பொருத்தப்பட்டிருக்கும். கீழே சர்க்யூட் பலகையில் அதற்கு நேராக ஓர் உணரி. காந்தம் நெருங்க நெருங்க உணரியிலிருந்து வரும் மின்னழுத்தம் மாறுகிறது. காந்தப்புலம் மின்னோட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளி மின்னழுத்தம் உண்டாக்கும் என்பதை அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஹால் 1879ல் கண்டறிந்தார். அதனால் இவற்றுக்கு ஹால் எஃபெக்ட் சுவிட்ச் என்றும் பெயர். கீபோர்டுக்குள் இந்த நுட்பம் நுழைந்தது இன்று நேற்றல்ல. 1960களின் இறுதியிலேயே ஹனிவெல் நிறுவனத்தின் மைக்ரோ சுவிட்ச் பிரிவு இத்தகைய கீபோர்டுகளைச் செய்தது. ஆனால் அவை அழுத்தமா, இல்லையா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் விடை தந்தன. இன்றைய கீபோர்டு கீ எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையே விநாடிக்குப் பல நூறு, பல ஆயிரம் முறை அளந்துகொண்டிருக்கிறது. வேறுபாடு முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஆழம் ஓர் எண்ணாகக் கைக்கு வந்துவிட்டால், எந்த ஆழத்தை அழுத்தம் என்று கொள்வது, எப்போது விட்டதாகக் கொள்வது என்பதெல்லாம் தகட்டின் வேலையாக இல்லாமல் மென்பொருளின் முடிவாகிவிடுகிறது.

முதலில் கடைக்கு வந்த வசதி, பதிவுப் புள்ளியை வேண்டிய இடத்துக்கு நகர்த்துவது. 2019ல் வெளியான ஸ்டீல்சீரிஸ் ஏபெக்ஸ் ப்ரோவில் அதை 0.4 மி.மீ. முதல் 3.6 மி.மீ. வரை மாற்றிக்கொள்ள முடிந்தது. தட்டச்சு செய்யும்போது ஆழமாக வைத்துக்கொண்டால் விரல் தெரியாமல் பட்டாலும் எழுத்து விழாது. ஆடும்போது மேலே கொண்டுவந்தால் தொட்டதுமே கட்டளை போகும். கேட்பதற்கு வேகம் கூடியதாகவே தோன்றும். உண்மையில் திசைமாற்றத்துக்கு இது மட்டும் போதாது, சில சமயம் கெடுதலும் செய்கிறது. பலரும் தவறவிடும் இடம் இது என்பதால் நின்று பார்க்கத் தகும்.

கணக்கு எளிதாக இருக்க, விரல் மேலேறும்போதும் இறங்கும்போதும் மில்லி விநாடிக்கு 0.1 மி.மீ. என்ற ஒரே சீரான வேகத்தில் நகர்வதாக வைத்துக்கொள்வோம். A கீ 4 மி.மீ. அடியில் கிடக்கிறது. ஒரே கணத்தில் நடுவிரல்பக்கத்து விரல் A மேலிருந்து கிளம்புகிறது, ஆள்காட்டி விரல் D மேல் இறங்குகிறது. பதிவுப் புள்ளி 2 மி.மீ.யில் நிலைத்திருக்கும் சாதாரண சுவிட்சில் A விடுபட 20 மில்லி விநாடி ஆகும், D பதிவாகவும் 20 ஆகும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடப்பதால் கட்டளைகள் மோதிக்கொள்வதில்லை. ஆனால் தாமதம் இருக்கிறது. இப்போது பதிவுப் புள்ளியை மட்டும் 0.5 மி.மீ.க்கு உயர்த்துவோம். D ஐந்தே மில்லி விநாடியில் பதிவாகிவிடும். A கீயோ அடியிலிருந்து 3.5 மி.மீ. ஏறி வந்தால்தான் விடுபடும், அதற்கு 35 மில்லி விநாடி. இடையில் 30 மில்லி விநாடி இரண்டு கீயும் அழுந்தியதாகக் கணக்காகி, எதிர்விசை கிடைக்காமல் வீரன் சறுக்குகிறான். அழுத்துவதில் 15 மில்லி விநாடி மிச்சம் பிடித்து, விடுவதில் 15 மில்லி விநாடி இழந்தது போதாதென்று, மோதலும் வந்து சேர்ந்தது. தொட்டால் சிணுங்கும் அளவுக்குப் புள்ளியை உயர்த்திவிட்டு, ஆட்டம் மட்டும் ஏன் வழுக்குகிறது என்று குழம்புகிறவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது.

ரேபிட் ட்ரிக்கர் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் இதைப் பரவலாக்கியது. 2022ல் வந்த அதன் 60HE கீபோர்டுக்குப் பிறகே ஆட்டக்காரர்கள் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுக் கடைக்குப் போனார்கள். செயல்முறை மிக எளிது. அழுத்தம், விடுதல் இரண்டையும் நிலையான ஒரு கோட்டோடு ஒப்பிடாமல், கீயின் நகர்வுத் திசை மாறியதா என்று மட்டும் பார்ப்பது. கீ அழுந்தியிருக்கும்போது அது எட்டிய மிக ஆழமான இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. அங்கிருந்து குறித்த தூரம், சொல்லப்போனால் 0.2 மி.மீ., மேலேறியதுமே விட்டுவிட்டதாக அறிவிக்கிறது. விட்ட பிறகு அது எட்டிய மிக உயரமான இடத்தை நினைவில் வைக்கிறது. அங்கிருந்து அதே 0.2 மி.மீ. கீழிறங்கியதும் மறுபடி அழுத்தியதாக அறிவிக்கிறது. கீ எந்த ஆழத்தில் இருந்தாலும் சரி, இந்த விதி ஒன்றே.

ஒரு கீயின் பயணத்தை அருகிலிருந்து பார்த்தால் இது தெளிவாகும். பதிவுப் புள்ளி 1.2 மி.மீ., ரேபிட் ட்ரிக்கர் அளவு 0.2 மி.மீ. என்று அமைத்த கீயொன்றை விரல் அழுத்துகிறது. 1.2 மி.மீ. தாண்டியதும் முதல் அழுத்தம் பதிவாகிறது. விரல் 4 மி.மீ. அடிவரை போய்விட்டு மேலே கிளம்புகிறது. 3.8 மி.மீ. வந்ததும் கீ விடுபட்டுவிட்டது. விரல் இன்னும் கொஞ்சம் ஏறி 3.1 மி.மீ.யில் திரும்பி மறுபடி இறங்குகிறது. 3.3 மி.மீ. தொட்டதும் இரண்டாம் அழுத்தம். அடியைத் தொட்டு மீண்டும் 3.8 மி.மீ., இரண்டாம் விடுதல். இத்தனைக்கும் கீ பாதி ஓட்டத்துக்கு மேலே வரவே இல்லை. இதே அசைவைச் சாதாரண சுவிட்ச் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே நீண்ட அழுத்தமாகவே கண்டிருக்கும்.

இங்கே ஒரு சிறு நுணுக்கம் உண்டு. பல கீபோர்டுகளில் இந்த விதி பதிவுப் புள்ளிக்குக் கீழே மட்டும்தான் இயங்கும். கீ 1.2 மி.மீ.க்கு மேலே ஏறிவிட்டால், அடுத்த அழுத்தத்துக்கு மறுபடி அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். தொடர் ரேபிட் ட்ரிக்கர் என்ற தேர்வை இயக்கினால், ஒரு முறை கோட்டைத் தாண்டிய கீ முழுதாக உச்சிக்குத் திரும்பும்வரை விதி நீடிக்கும். விரலைக் கீமேலேயே வைத்து நுனியளவில் தட்டிப் பழகியவர்களுக்கு இது பொருந்தும்.

முன் சொன்ன திசைமாற்றக் கணக்குக்குத் திரும்புவோம். அதே விரல் வேகம், ரேபிட் ட்ரிக்கர் 0.2 மி.மீ., பதிவுப் புள்ளி 0.8 மி.மீ. என்று வைத்தால், A விடுபட 2 மில்லி விநாடி, D பதிவாக 8. மோதல் இல்லை. நடுவில் 6 மில்லி விநாடி எந்தக் கட்டளையும் இல்லாத சின்ன இடைவெளி, அவ்வளவுதான். எதிர்விசை சாதாரண சுவிட்சைவிட 12 மில்லி விநாடி முன்னதாகத் தொடங்குகிறது. வேகம் அடங்கியதும் D கீயை விடும்போது மீண்டும் 20க்குப் பதில் 2 மில்லி விநாடி. எதிர்ப்பக்கம் ஓட்டம் பிடிக்கும் தவறு இங்கேதான் பெரிதும் குறைகிறது. கவனித்துப் பார்த்தால், அழுத்துவதில் கிடைத்த ஆதாயத்தைவிட விடுவதில் கிடைத்ததுதான் அதிகம். பதிவுப் புள்ளியை மேலே தூக்கும் துணிவும் ரேபிட் ட்ரிக்கர் இருப்பதால்தான் வருகிறது, ஏனென்றால் அது விடுபடும் புள்ளியைப் பதிவுப் புள்ளியிலிருந்து பிரித்துவிட்டது.

நிஜ விரல் சீரான வேகத்தில் நகராது. அடியில் நின்ற நிலையிலிருந்து கிளம்பி, போகப்போக வேகம் எடுக்கும். 4 மி.மீ. ஏற 40 மில்லி விநாடி ஆகும்படி சீராக வேகம் கூடும் விரலை எடுத்துக்கொண்டால், முதல் 0.2 மி.மீ. ஏறவே ஏறக்குறைய 9 மில்லி விநாடி ஆகும், 2 மி.மீ. ஏற 28 ஆகும். ஆதாயம் அப்போதும் 19 மில்லி விநாடி, பெரிதாக மாறவில்லை. ஆனால் அளவை 0.2 மி.மீ.யிலிருந்து 0.1 மி.மீ.க்குக் குறைத்தால் கிடைப்பது இன்னும் 3 மில்லி விநாடிகூட இல்லை. விளம்பரங்களில் 0.1, 0.05, 0.01 என்று இறங்கிக்கொண்டே போகும் எண்களை எடைபோட இந்த ஒரு கணக்கே போதும். சாதாரண சுவிட்சிலிருந்து ரேபிட் ட்ரிக்கருக்கு வருவது பெரிய தாவல். அதற்குள்ளேயே எண்ணைக் குறைத்துக்கொண்டு போவது மிகச் சிறிய படி.

அந்தச் சிறிய படிக்கு விலையும் உண்டு. காந்தப்புலம் தூரத்தோடு நேர்க்கோட்டில் குறைவதில்லை. காந்தம் உணரிக்கு அருகில் இருக்கும்போது சிறு அசைவுக்கும் அளவீடு தாராளமாக மாறும், தொலைவில் இருக்கும்போது அதே அசைவு மிகக் குறைவாகவே மாற்றும். அதனால் கீயின் அடிப்பகுதியில் அளவீடு கூர்மையாகவும் உச்சிப்பகுதியில் மங்கலாகவும் இருக்கும். மின்சுற்றில் எப்போதும் இருக்கும் சிறு சலசலப்பு உச்சியில் கூடுதலான மி.மீ. மாற்றமாகத் தோற்றம் தரும். சுவிட்சின் தண்டு தளர்வாக இருந்தால் கீயைப் பக்கவாட்டில் அசைத்தாலே காந்தம் சாய்ந்து, ஆழம் மாறியதாகக் கணக்காகும். இத்தோடு மனித விரலின் நடுக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கீயை ஒரே அழுத்தத்தில் பிடித்திருப்பதாக நினைக்கும் விரல் உண்மையில் நுண்ணளவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

பிழை எப்படித் தெரியவரும்? முன்னால் நடக்க W கீயைப் பிடித்திருக்கும்போது வீரன் நடையில் திக்கினால், அதாவது காலடி ஓசை விட்டு விட்டுக் கேட்டால், அளவு மிகக் குறைவாக இருக்கிறது என்று பொருள். கீயை ஓங்கி அடித்தவுடன் இரட்டை அழுத்தம் பதிவானால், அடியில் மோதிய கீ துள்ளி எழுந்த அசைவை விடுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறது. விரலை மேலே வைத்த மாத்திரத்தில் நகர்ந்தால் பதிவுப் புள்ளி மிக உயரத்தில் இருக்கிறது. மூன்றையும் ஆட்டத்துக்கு வெளியிலேயே சோதித்துவிடலாம். கீபோர்டின் அமைப்பு மென்பொருளில் கீயின் ஆழத்தை நேரலையாகக் காட்டும் பட்டை இருக்கும். கீயை நடு ஆழத்தில் அரை நிமிடம் பிடித்துப் பார்த்தால் எண் எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஆட்டத்தைவிட இரண்டு மடங்கு அளவை வைத்தால் நிம்மதியாக இருக்கலாம். ஓடுவதற்கான நான்கு கீகளுக்கு 0.2 முதல் 0.3 மி.மீ., பதிவுப் புள்ளி ஒரு மி.மீ.யைச் சுற்றி, என்பது பெரும்பாலான விரல்களுக்கு ஒத்துவரும் தொடக்கம். மற்றக் கீகளுக்கு ரேபிட் ட்ரிக்கரே வேண்டியதில்லை. குண்டு வீசுவது, துப்பாக்கியை மாற்றுவது போன்றவை ஒரு முறை தெளிவாகப் பதிவானால் போதும், அவற்றில் தவறி விழும் அழுத்தம்தான் உயிரை வாங்கும்.

அளவீடு சரியாக இருக்க, கீபோர்டுக்கு ஒவ்வொரு கீயின் உச்சியும் அடியும் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். கேலிபரேஷன் எனப்படும் அளவுத்திருத்தத்தின்போது ஒவ்வொரு கீயையும் அடிவரை அழுத்தச் சொல்வது அதற்காகத்தான். சுவிட்சைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் இதைக் கட்டாயம் மீண்டும் செய்ய வேண்டும். சுவிட்சுக்குச் சுவிட்ச் காந்தத்தின் வலிமை மாறும். துருவம் தலைகீழாக உள்ள சுவிட்ச் சில கீபோர்டுகளில் வேலையே செய்யாது. வெப்பம் ஏறினால் காந்தத்தின் வலு சற்றுக் குறையும். குளிரூட்டிய அறையில் சரிசெய்த கீபோர்டு நல்ல வெயில் நேரத்தில் மூடிய அறையில் கொஞ்சம் வேறுவிதமாக நடந்துகொண்டால் வியப்பில்லை. காந்தம் உள்ள ஹெட்போன், கைபேசி உறை, ஸ்பீக்கர் ஆகியவற்றை மேலேயோ மிக அருகிலோ வைத்தாலும் அளவீடு நகரும்.

ஆட்டத்துக்கு ஆட்டம் பயன் வேறுபடும். வேலரன்ட் ஆட்டத்தில் கீயை விட்டதுமே வீரன் சீக்கிரம் நின்றுவிடுவான், எதிர்த்தட்டல் அவ்வளவு அவசியமில்லை. அங்கே விடுதலின் வேகம் மட்டும் உதவுகிறது. தாளத்துக்கேற்ப இரண்டு கீகளை மாறி மாறித் தட்டும் ஓசு! ஆட்டத்தில் ஒரு கீயை முழுதாக மேலே விடாமலே மறுபடி தட்ட முடிவதால் பயன் மிகுதி. நிதானமாகக் கட்டளையிடும் வியூக ஆட்டங்களில் வேறுபாட்டை உணர்வதே கடினம்.

ரேபிட் ட்ரிக்கரோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு வசதியும் உண்டு. 2024 ஜூலையில் ரேசர் நிறுவனம் ஸ்னாப் டேப் என்ற ஒன்றை வெளியிட்டது. A பிடித்திருக்கும்போதே D அழுத்தினால், விரல் A மேலேயே இருந்தாலும் கீபோர்டு A கீயைத் தானே விடுவித்துவிடும். வூட்டிங்கும் ஸ்னாப்பி டாப்பி என்ற பெயரில் அதே வசதியைத் தந்தது. மேலே சொன்ன மோதல் சிக்கலை இது வேரோடு பிடுங்கிவிடுகிறது. ஆனால் விரல் செய்யாத வேலையைக் கீபோர்டு செய்கிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கை உருவாக்கிய வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 19ல், வன்பொருள் துணையோடு எதிர்த்தட்டலைத் தானியக்கமாக்குவதைத் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் கண்டறிந்து, பயன்படுத்துபவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவதாக அறிவித்தது. ரேபிட் ட்ரிக்கர் அந்தத் தடைக்குள் வரவில்லை. இரண்டு விரலின் வேலையையும் அதில் இரண்டு விரல்களே செய்தாக வேண்டும். A மேலிருந்து விரல் எழவில்லையென்றால் A அழுந்தியே இருக்கும். இரண்டு வசதியும் ஒரே மென்பொருளில் அடுத்தடுத்த பொத்தான்களாக இருப்பதால், வால்வ் சர்வரில் ஆடப்போகிறவர் இரண்டாவது வசதி அணைந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே நுழைவது நல்லது.